ஒளிந்திருக்கும் பதின்மூன்றாவது தவணை

அமெரிக்காவில் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் குறைவு. பல நிறுவனங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமைகளில், சம்பளம் வங்கிக் கணக்கில் விழும். 2026 ஜனவரி 2 அன்று சம்பளம் வாங்கிய ஒருவருக்கு அடுத்தது 16, அதற்கடுத்தது 30. ஜனவரியில் மட்டும் மூன்று சம்பளம். பிப்ரவரியிலிருந்து மாதம் இரண்டாகிவிடும். மறுபடியும் ஜூலையில் 3, 17, 31 என்று மூன்று. ஆண்டு முழுக்க எண்ணினால் 26 வரும். மாதத்துக்கு இரண்டு என்று மனக்கணக்குப் போட்டிருந்தவருக்கு, எங்கிருந்தோ வந்த மாதிரி இரண்டு சம்பளம் கூடுதல்.

வீட்டுக் கடனைச் சீக்கிரம் முடிக்க ஒரு வழி என்று அமெரிக்காவில் பல்லாண்டுகளாக விற்கப்பட்டுவரும் 'பை-வீக்லி' திட்டம் இந்தக் கூடுதல் சம்பளத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. மாதத் தவணையைப் பாதியாக வெட்டு. அந்தப் பாதியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கட்டு. முப்பது வருடக் கடன் ஐந்தரை வருடம் முன்னதாகவே முடிந்துவிடும், வட்டியில் பல்லாயிரம் டாலர் மிச்சம். திட்டத்தை விற்பவர் சொல்வது இவ்வளவுதான். கேட்பவருக்கு இது மாயம்போலத் தோன்றும். அதே தவணை, அதே வட்டி; கட்டும் நாளை மாற்றியதற்கா இவ்வளவு?

இல்லை. நாள் மாறியதால் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. மிச்சம் வருவது வேறு இடத்திலிருந்து.

ஆண்டுக்கு 52 வாரம். இரண்டு வாரத்துக்கு ஒரு பாதி என்றால் 26 பாதி. 26 பாதி சேர்ந்தால் 13 முழுத் தவணை. ஆண்டுக்கு 12 மாதம்தான். ஆனால் கட்டியதோ 13. வாடிக்கையாளர் ஒரு முழுத் தவணையைத் தன் கையிலிருந்து கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். பாதி பாதியாகப் போனதால் அது உறைக்கவில்லை, அவ்வளவே. மூன்று சம்பளம் வரும் மாதங்களின் உபரி, வீட்டுச் செலவில் கரைவதற்கு முன்னால் கடனுக்குள் போய்விட்டது.

ஒரு கடனை எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். நியூஜெர்சியில் ஒரு மென்பொருள் பொறியாளர் 3 லட்சம் டாலர் வீட்டுக் கடன் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 6 சதவீதம், முப்பது ஆண்டும் மாறாதது. மாதத் தவணை 1,798 டாலர் 65 சென்ட். வீட்டு வரியும் காப்பீடும் இதில் சேர்த்தி இல்லை. அசலும் வட்டியும் மட்டும். முதல் மாதத் தவணையில் 1,500 டாலர் வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது 298 டாலர் 65 சென்ட். முப்பது ஆண்டும் இப்படியே கட்டி முடித்தால் மொத்த வட்டி சுமார் 3 லட்சத்து 47 ஆயிரத்து 500 டாலர். வாங்கிய கடனைவிட வட்டி அதிகம்.

இப்போது பாதித் தவணை. 899 டாலர் 33 சென்ட், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. கடன் கொடுத்தவர் அதை அன்றன்றே அசலில் கழித்துக்கொள்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். கடன் 24 ஆண்டு 6 மாதத்தில் முடிகிறது. மிச்சமாகும் வட்டி சுமார் 74,400 டாலர். விளம்பரம் சொல்வது பொய்யில்லை.

அடுத்த கணக்குதான் முக்கியம். அதே மனிதர் பாதித் தவணை பக்கமே போகாமல், பழையபடி மாதம் ஒருமுறையே கட்டுகிறார். ஆனால் ஒவ்வொரு மாதமும் தவணையில் பன்னிரண்டில் ஒரு பங்கை, அதாவது 149 டாலர் 89 சென்ட்டை, அசலுக்கென்று சேர்த்துக் கட்டுகிறார். ஆண்டு முடிவில் இவரும் 13 தவணை கட்டியிருப்பார். இவர் கடனும் 24 ஆண்டு 6 மாதத்தை ஒட்டியே முடிகிறது. மிச்சம் சுமார் 73,700 டாலர். இரண்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ 750 டாலர், அதுவும் கால் நூற்றாண்டுக்கு.

கட்டும் நாள் மாறுவதால் மட்டும் எவ்வளவு மிச்சம் என்று தனியாகவும் பார்த்துவிடலாம். பதின்மூன்றாவது தவணையை எடுத்துவிட்டு, ஆண்டுக்கான 12 தவணைத் தொகையை 26 சம பங்காக்கினால் ஒரு பங்கு 830 டாலர் 15 சென்ட். இதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கட்டினால் முப்பது ஆண்டில் மிச்சமாவது 860 டாலர் சொச்சம். கடன் அரை மாதம் முன்னதாக முடியும். ஆண்டுக்கு 29 டாலர்.

ஆக, 74 ஆயிரத்தில் 73 ஆயிரத்துக்கு மேல் பதின்மூன்றாவது தவணையின் வேலை. 'இரண்டு வாரம்' என்பது பொட்டலத்தின் மேல் ஒட்டிய வண்ணத்தாள்.

ஒரே ஒரு கூடுதல் தவணை எப்படி இவ்வளவு வேலை செய்கிறது? முதல் தவணையில் அசலுக்குப் போவது 300 டாலருக்கும் குறைவு என்று பார்த்தோம். அப்போது 1,798 டாலரை நேராக அசலில் போட்டால், ஆறு மாதத் தவணை சேர்ந்து செய்யும் வேலையை அது ஒரே நாளில் செய்துவிடுகிறது. முதலாண்டின் கடைசியில் கட்டிய ஒரு கூடுதல் தவணை, வாலில் ஐந்தரைத் தவணைக்கு மேல் வெட்டிவிடும். இருபதாம் ஆண்டின் கடைசியில் கட்டிய அதே தொகையால் இரண்டு தவணையைக்கூட முழுதாக வெட்ட முடியாது. கடன் வாங்கி இருபது வருடம் ஆனவரிடம் போய் இந்தத் திட்டத்தை விற்பது, அறுவடை முடிந்த வயலுக்கு உரம் விற்பது மாதிரி.

மேலே போட்ட கணக்கில் ஓர் அனுமானம் இருந்தது: பாதித் தவணை போய்ச் சேர்ந்த அன்றே அசலில் கழியும் என்பது. அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் கடனில் அப்படி நடப்பதில்லை.

அங்கே பெரும்பாலான வீட்டுக் கடன்களுக்கு வட்டி மாதக் கணக்கில்தான். தவணையை வசூலிக்கும் நிறுவனத்துக்கு 'சர்வீசர்' என்று பெயர். கடன் கொடுத்த வங்கியும் சர்வீசரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. முழுத் தவணைக்குக் குறைவான பணம் வந்தால், சர்வீசர் அதை 'சஸ்பென்ஸ்' கணக்கு என்ற தனிப் பெட்டியில் போட்டு வைக்கலாம். விதிகள் அதை அனுமதிக்கின்றன. பெட்டியில் எவ்வளவு கிடக்கிறது என்று மாத அறிக்கையில் காட்ட வேண்டும். முழுத் தவணை சேர்ந்ததும் அதைத் தவணையாக வரவு வைக்க வேண்டும். அதுவரை அந்தப் பணம் கடனில் ஒரு காசைக்கூடக் குறைக்காது. வாடிக்கையாளருக்கும் அதற்கு வட்டி வராது.

நம் பொறியாளரின் 2026-ஐ நாள்வாரியாகப் பார்த்தால் இது விளங்கும். ஜனவரி 1-ஆம் தேதித் தவணையை அவர் வழக்கம்போல் முழுதாகக் கட்டிவிட்டார். ஜனவரி 2, 16 தேதிகளின் இரண்டு பாதியும் சேர்ந்து பிப்ரவரி 1 தவணைக்குப் போகும். ஜனவரி 30, பிப்ரவரி 13 பாதிகள் மார்ச் 1-க்கு. இப்படியே போனால் ஜூலை 17, 31 பாதிகள் செப்டம்பர் 1-க்கும், நவம்பர் 6, 20 பாதிகள் 2027 ஜனவரி 1-க்கும் சரியாகிவிடும். அதற்குப் பிறகு டிசம்பர் 4, 18 தேதிகளில் போகும் இரண்டு பாதிதான் உபரி. ஆண்டு முழுக்க ஓடி ஓடிக் கட்டியதன் பலன் அசலைத் தொடுவது டிசம்பர் 18 அன்று! இந்தக் கணக்குப்படி, ஆண்டுக் கடைசியில் ஒரு தவணையைச் சேர்த்துக் கட்டுவதும் இதுவும் ஒன்றே. கடன் 24 ஆண்டு 9 மாதத்தில் முடியும். மிச்சம் சுமார் 71 ஆயிரம் டாலர். மாதாமாதம் 149 டாலர் 89 சென்ட் சேர்த்துக் கட்டியவர் இவரைவிடச் சுமார் இரண்டாயிரத்து எழுநூறு டாலர் முன்னால் நிற்கிறார். மாதம் ஒருமுறை கட்டுகிறவர், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கட்டுகிறவரை வெல்கிறார்.

சொல்லாமல் கொள்ளாமல் தானாகவே பாதிப் பணத்தை அனுப்ப ஆரம்பிப்பவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அமெரிக்க வீட்டுக் கடனில் தவணை நாள் பொதுவாக மாதத்தின் முதல் தேதி. அபராதமில்லாமல் கட்ட 15-ஆம் தேதி வரை அவகாசம் தருவது வழக்கம். ஒரு பாதி முதல் தேதிக்கும் மறு பாதி 16-ஆம் தேதிக்கும் போய்ச் சேர்ந்தால், சர்வீசர் பார்வையில் அந்த மாதத் தவணை தாமதம். அபராதம் விழும். இரண்டு பாதியும் தவணை நாளுக்கு முன்பே சேர்ந்திருக்க வேண்டும் என்றால், திட்டத்தைத் தொடங்கும் மாதத்தில் ஒரு முழுத் தவணையோடு இன்னொரு தவணைக்கான இரண்டு பாதியையும் கொடுக்க வேண்டியிருக்கும். முதல் மாதத்திலேயே பலருக்கு மூச்சு முட்டுவது இங்கேதான்.

இவ்வளவு எளிய ஒன்றுக்கு ஒரு தரகர் தேவையா? ஆனால் வந்தார்கள். பாதித் தவணையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாடிக்கையாளர் கணக்கிலிருந்து எடுத்து, தாங்கள் வைத்திருந்து, மாதம் ஒருமுறை சர்வீசருக்கு அனுப்பி, சேர்ந்த உபரியையும் அசலுக்குச் செலுத்துவதையே தொழிலாக்கிய நிறுவனங்கள் அமெரிக்காவில் வளர்ந்தன. சேவைக்குக் கட்டணம் உண்டு.

2015 மே மாதம், நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையம் ஒஹையோவைச் சேர்ந்த 'நேஷன்வைட் பைவீக்லி அட்மினிஸ்ட்ரேஷன்' மீதும் அதன் உரிமையாளர் மீதும் வழக்குப் போட்டது. 'இன்ட்ரஸ்ட் மினிமைசர்' என்று பெயரிட்ட அவர்களுடைய திட்டத்தில் சேர, 995 டாலர் வரை சேர்க்கைக் கட்டணம். வாடிக்கையாளரிடமிருந்து எடுக்கும் முதல் பாதித் தவணையே அந்தக் கட்டணமாகிவிடும். அதற்கு மேல் ஆண்டுதோறும் பிடித்தக் கட்டணம். அஞ்சலில் வந்த விளம்பரக் கடிதங்களைப் பார்த்தால் கடன் கொடுத்த வங்கியே அனுப்பியதுபோலத் தோன்றும் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2017-இல் வடக்கு கலிஃபோர்னியாவின் ஃபெடரல் நீதிமன்றம் 79 லட்சத்து 30 ஆயிரம் டாலர் அபராதம் விதித்தது. வாடிக்கையாளர்களுக்குச் சுமார் 7 கோடியே 40 லட்சம் டாலரைத் திருப்பித் தர வேண்டும் என்று ஆணையம் கேட்டதை நீதிமன்றம் ஏற்கவில்லை. வழக்கு மேல்முறையீட்டுக்கும் போனது.

அதே 2015 ஜூலையில் 'பேமேப்' என்ற நிறுவனம் மீது ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 'ஈக்விட்டி ஆக்சலரேட்டர்' என்று அவர்கள் நடத்தியதும் இதே வகைத் திட்டம்தான். 3 கோடியே 34 லட்சம் டாலர் கட்டணத்தை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தரவும், 50 லட்சம் டாலர் அபராதம் கட்டவும் உத்தரவு. அந்தத் திட்டத்தைத் தன் வாடிக்கையாளர்களிடம் விளம்பரம் செய்ய ஒத்துழைத்த 'லோன்கேர்' என்ற சர்வீசருக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம்.

அபராதத் தொகைகளை விடுங்கள். கட்டணம் மிச்சத்தை எப்படித் தின்கிறது என்பதை நம் பொறியாளரின் கணக்கிலேயே பார்க்கலாம். சேர்க்கைக்கு ஒரு பாதித் தவணை, 899 டாலர். பிறகு ஒவ்வொரு பிடித்தத்துக்கும் மூன்றரை டாலர் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 91. முதல் ஐந்து ஆண்டில் அவர் கொடுத்திருக்கும் கட்டணம் 1,354 டாலர். அந்த ஐந்து ஆண்டில் கூடுதல் தவணைகளால் மிச்சமான வட்டி 1,180 டாலர்தான். ஆறாவது ஆண்டில்தான் லாபப் பக்கம் தலை நிமிர்கிறது. வட்டி இதைவிடக் குறைவாக இருந்தால் அந்த நாள் இன்னும் தள்ளிப்போகும்.

ஆறாவது ஆண்டுவரை அவர் அந்த வீட்டில் இருக்க வேண்டுமே! அமெரிக்காவில் முப்பது ஆண்டுக் கடனை முப்பது ஆண்டும் வைத்திருப்பவர்கள் குறைவு. வேலை மாறி ஊர் மாறுவார்கள். வட்டி இறங்கினால் பழைய கடனை அடைத்துப் புதுக் கடன் எடுப்பார்கள். நம் பொறியாளர் ஏழாம் ஆண்டு முடிவில் வீட்டை விற்றால், 13-ஆவது தவணைகளால் அதுவரை மிச்சமான வட்டி சுமார் 2,600 டாலர். தரகருக்குப் போனது 1,500-க்கு மேல். பத்தாம் ஆண்டில் விற்றால் மிச்சம் 5,900. விளம்பரத்தில் வரும் எழுபதாயிரத்துக்கு மேலான மிச்சம், கடைசித் தவணைவரை அதே கடனோடு உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்.

டொரொண்டோ பக்கம் போனால் கதை சற்று மாறும். ஸ்கார்பரோவிலும் மார்க்கமிலும் வீடு வாங்கிய ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டு வாரத் தவணை புதிதல்ல. கனடாவில் வங்கிகளே அதை நேரடியாகக் கொடுக்கின்றன, தரகர் கிடையாது. ஆனால் விண்ணப்பத்தில் ஒரு சொல்லில் எல்லாம் இருக்கிறது. வெறும் 'பை-வீக்லி' என்றால், மாதத் தவணையை 12-ஆல் பெருக்கி 26-ஆல் வகுப்பார்கள். ஆண்டுக்குப் 12 தவணையே போகும், மிச்சம் அற்பம். 'ஆக்சலரேட்டட் பை-வீக்லி' என்றால் மாதத் தவணையை இரண்டால் வகுப்பார்கள். அப்போது 13 போகும். இரண்டுக்கும் தவணைத் தொகையில் வித்தியாசம் சிறிது. கடன் முடியும் தேதியில் வித்தியாசம் பல ஆண்டு. எது என்று தெரியாதவர்கள் தங்கள் தவணையை 26-ஆல் பெருக்கி, பழைய மாதத் தவணையால் வகுத்துப் பார்த்தால் போதும். 12 வந்தால் முதல் வகை, 13 வந்தால் இரண்டாவது. ஆஸ்திரேலியாவில் வட்டியை நாள் கணக்கில் போடுவது வழக்கம். அங்கும் இதே சோதனை செல்லும்.

சரி, தரகருக்குக் காசு கொடுக்காமல், சொந்தமாகவே கூடுதல் தவணை கட்டுகிறார் என்று கொள்வோம். அப்போதாவது அந்த 73 ஆயிரத்து 700 டாலர் உண்மையான மிச்சமா?

அந்தத் தொகை எப்படி வருகிறது என்று உடைத்தால்தான் தெரியும். 24 ஆண்டு 6 மாதத்தில் அவர் கூடுதலாகக் கட்டியது சுமார் 44,100 டாலர். அதற்குப் பலனாக, கடைசி அறுபத்தைந்தரைத் தவணைகள், சுமார் 1,17,800 டாலர், கட்ட வேண்டியதில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் 73,700. வேறு விதமாகச் சொன்னால், 44 ஆயிரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக 6 சதவீத வட்டியில் போட்டு வைத்த பலன். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. கடனைக் குறைக்கும் ஒவ்வொரு டாலரும் கடனின் வட்டி விகிதத்தையே சம்பாதிக்கிறது. எந்த நிச்சயமின்மையும் இல்லாத சம்பாத்தியம் என்பது அதன் பெருமை.

எனவே கேள்வி வட்டி விகிதத்துக்கு வந்து நிற்கிறது. ஃப்ரெடி மேக் நிறுவனம் வாரந்தோறும் வெளியிடும் முப்பது ஆண்டுக் கடன் வட்டியின் சராசரி, 2021 ஜனவரியில் 2.65 சதவீதத்துக்கு இறங்கியது. அதற்கு முன் அவ்வளவு கீழே போனதில்லை. 2023 அக்டோபரில் அதே சராசரி 7.79. இரண்டே முக்கால் வருடத்தில் இப்படி. 2021-இல் கடன் எடுத்தவர், 2023-இல் பாதித் தவணைத் திட்டத்தில் சேர்ந்து கூடுதல் தவணை கட்டினால், அந்தப் பணம் அவருக்குச் சம்பாதித்தது 2.65 சதவீதம். அப்போது அமெரிக்க அரசின் குறுகிய காலக் கடன்பத்திரங்களே 5 சதவீதத்துக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தன. வரி போக மிஞ்சியதைக் கணக்கிட்டாலும், அவருக்குக் கடனை அடைப்பது நஷ்டம். 2023-இல் 7.79-க்குக் கடன் எடுத்தவருக்கோ அதைவிட நல்ல, ஆபத்தில்லாத இடம் கிடைத்திருக்காது. திட்டம் ஒன்றே. ஒருவருக்கு லாபம், மற்றவருக்கு நஷ்டம். விளம்பரக் கடிதம் இருவர் வீட்டுக்கும்தான் வரும்.

கிரெடிட் கார்டில் 20 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடுகிறவர் 6 சதவீதக் கடனைக் குறைக்க மெனக்கெடுவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று கணக்கில் வராது, வாழ்க்கையில் வரும். அசலில் போட்ட கூடுதல் பணம் அடுத்த மாதத் தவணையைக் குறைப்பதில்லை. ஐந்து ஆண்டாகக் கூடுதல் கட்டி ஒன்பதாயிரம் டாலரை அசலில் இறக்கியவருக்கு, ஆறாம் ஆண்டு வேலை போனாலும், முதல் தேதி அதே 1,798 டாலர் கட்டித்தான் ஆக வேண்டும். ஏற்கெனவே நிறையக் கட்டியிருக்கிறேனே என்றால் சர்வீசர் கேட்கமாட்டார். அந்த ஒன்பதாயிரம் சேமிப்புக் கணக்கில் இருந்திருந்தால் ஐந்து மாதத் தவணைக்கு ஆகியிருக்கும். எச்1பி விசாவில் இருக்கும், வேலை போனால் அறுபது நாளில் முடிவெடுக்க வேண்டிய குடும்பங்களுக்கு இது ஏட்டுக் கணக்கல்ல.

இந்தியாவில் சம்பளமும் மாதம், தவணையும் மாதம். பாதித் தவணை என்ற ஏற்பாட்டுக்கு இங்கே தேவையே எழவில்லை. ஆனால் பதின்மூன்றாவது தவணைக்கு எல்லை இல்லை. மாறும் வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-இலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. 50 லட்சம் ரூபாய், 8.5 சதவீதம், 20 ஆண்டு என்றால் இ.எம்.ஐ. 43,391 ரூபாய். ஆண்டுக் கடைசியில், போனஸ் வந்ததும், ஓர் இ.எம்.ஐ. அளவு தொகையைக் கூடுதலாகக் கட்டிவந்தால், வட்டி மாறாதவரை, கடன் 16 ஆண்டு 8 மாதத்தில் முடியும். வட்டியில் மிச்சம் சுமார் பத்தேகால் லட்சம். கட்டும்போது வங்கியில் ஒரு கேள்வி கேட்பார்கள்: இ.எம்.ஐ. தொகையைக் குறைக்கவா, தவணைக் காலத்தைக் குறைக்கவா? தொகையைக் குறைக்கச் சொன்னவருக்கு மாதாமாதம் கை கொஞ்சம் தளரும். ஆனால் கடன் முடியும் தேதி நகராது, மிச்சமும் வெகுவாகக் குறைந்துவிடும். காலத்தைக் குறைக்கச் சொன்னவருக்குத்தான் மேலே சொன்ன கணக்கு. பழைய வருமான வரி முறையில் வட்டிக்கு விலக்கு வாங்குகிறவர், மிச்சமாகும் வட்டியிலிருந்து அந்த வரிச் சலுகையையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

நியூஜெர்சிக்குத் திரும்பலாம். நம் பொறியாளர் தரகர் இல்லாமல் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். தவணையைத் தானியங்கியில் போட்டிருந்தால், சர்வீசரின் தளத்தில் 'கூடுதல் அசல்' என்ற கட்டம் ஒன்று இருக்கும். அதில் 149.89 என்று எழுதினால் முடிந்தது. வீட்டு வரிக்கும் காப்பீட்டுக்கும் சேர்த்து மாதம் 2,400 டாலர் போகிறவராக இருந்தாலும், பன்னிரண்டில் ஒரு பங்கு என்று எடுக்க வேண்டியது அசலும் வட்டியும் சேர்ந்த 1,798-இலிருந்துதான். கூடக் கட்டினால் கூடுதல் நன்மைதான். ஆனால் அது அவர் தெரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும்.

சில சர்வீசர்கள், குறிப்பாக முழுத் தவணை அளவுக்குப் பணத்தை மொத்தமாக அனுப்பினால், அதை அசலில் கழிக்காமல் அடுத்த மாதத் தவணையாகவே எடுத்துக்கொள்வதுண்டு. பணம் போயிருக்கும், அசல் குறைந்திருக்காது. கண்டுபிடிப்பது எளிது. அடுத்த அறிக்கையில் 'அடுத்த தவணை நாள்' ஒரு மாதம் தள்ளிப் போயிருந்தால், பணம் தவறான பெட்டியில் விழுந்திருக்கிறது. நாள் அப்படியே இருந்து, அசல் நிலுவை மட்டும் இறங்கியிருந்தால் சரி. முதல் மாதத்தில் வழக்கமான தவணையால் அசலில் 298 டாலர் 65 சென்ட் குறையும். 149 டாலர் 89 சென்ட் சேர்த்துக் கட்டியவரின் அறிக்கையில் 448 டாலர் 54 சென்ட் குறைந்து, நிலுவை 2,99,551 டாலர் 46 சென்ட் என்று இருக்க வேண்டும். 2,99,701 டாலர் 35 சென்ட் என்று இருந்தால், அன்றே தொலைபேசியை எடுக்க வேண்டியதுதான்.